வாஷிங் மெஷின் டிரம்மில் 3,45,600 எப்படி வந்தது?

“டிரம் விட்டம் 48 செ.மீ., வேகம் 1200 ஆர்பிஎம். மையநோக்கு முடுக்கத்துக்கு rω² போட்டால் 3,45,600 வருகிறது, சரியா? தண்ணீரை எந்த விசை வெளியே தள்ளுகிறது?”

ஆரம் 0.24 மீ. சரிதான். 1200-ஐ அப்படியே ω என்ற கோணவேகமாக வைத்ததுதான் சிக்கல். முதலில் அதை ரேடியன்/வினாடிக்கு மாற்றுங்கள்:

ω = 2π × 1200/60 ≈ 125.7
a = 0.24 × 125.7² ≈ 3790 மீ/வி²

புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல ஏறக்குறைய 386 மடங்கு!

அப்புறம், வெளியே நின்று பார்த்தால் தண்ணீரை எந்த விசையும் வெளியே தள்ளவில்லை. வட்டத்தில் சுற்ற உள்நோக்கிய விசை வேண்டும். துணிக்கு அதை டிரம் சுவர் தருகிறது. துளைக்கு நேரே சுவர் இல்லை. 1 கிராம் நீருக்கே சுமார் 3.8 நியூட்டன் தேவை. துணியின் பிடிப்பு அதற்குப் போதாது. அதனால் நீர் தொடுகோட்டுத் திசையில் நேராகப் பறந்து வெளித்தொட்டியில் மோதுகிறது. நூலிழைகளின் நுண்ணிய இடுக்குகளில் மட்டும் பிடிப்பு பலமானது. அங்கே தங்கும் நீரால்தான் துணி கடைசியிலும் ஈரமாக இருக்கிறது.