வாசலில் வந்து நிற்கும் சுங்க வரி: கேள்வி பதில்

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் 19 வருஷம் பில் போட்டவன். வீடு பாளையங்கோட்டை. வெளிநாட்டுப் பார்சலுக்கு வாசலில் கேட்கிற பணத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வண்ணார்பேட்டையிலிருந்து: அண்ணாச்சி, ஜப்பானில் ஒரு பழைய சாமான் வாங்கினேன். ஷிப்பிங்கோடு சேர்த்து எல்லாம் கட்டியாச்சு. இப்போ கூரியர் பையன் வாசலில் நின்று இன்னும் பணம் கேட்கிறான். எதற்கு? நியாயமான தொகையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் கட்டியது விற்றவனுக்கும் விமானத்துக்கும். அரசாங்கத்துக்கு இன்னும் கட்டவில்லை. விற்பவரே வரியையும் சேர்த்து வசூலித்திருந்தால் ஆர்டர் ரசீதில் இறக்குமதி வரி என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கும். அது இல்லையென்றால் வாசலில் கேட்கத்தான் செய்வார்கள்.

கூரியர்காரர்கள் உங்களுக்காக வரியை முன்கூட்டியே சுங்கத்தில் கட்டிப் பார்சலை வெளியே எடுத்துவிடுகிறார்கள். அதனால் பையன் கேட்பது இரண்டு விதமான பணம். ஒன்று, அவர்கள் கட்டிய வரி. இன்னொன்று, கட்டிக்கொடுத்ததற்கான கூலி. கூலிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும். வரிக்கு மேல் மறுபடி ஜி.எஸ்.டி. வரக்கூடாது. பில்லில் இந்த இரண்டும் ஒரே தொகையாகக் கலந்திருந்தால் பிரித்து எழுதிய பில்லையும், சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரியின் நகலையும் கேளுங்கள். உங்கள் பெயரில் போட்டது, உங்களுக்குத் தர வேண்டியது.

2023-இல் என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருக்குக் கேமரா கிறுக்கு. பழைய லென்ஸ் ஒன்று, விலை நம் பணத்தில் 4,000. அனுப்பும் செலவு 2,400. வாசலில் கேட்டது 5,866 ரூபாய். மனுஷன் நடையில் உட்கார்ந்தே விட்டார். பில் ஆஃப் என்ட்ரியை வாங்கிப் பார்த்தேன். சரக்கு மதிப்பு 6,445 என்று போட்டிருந்தது. லென்ஸ் 4,000, ஷிப்பிங் 2,400, இன்சூரன்ஸ் 45.

பிசகு அங்கேதான். வரி போடும்போது பொருளின் விலையோடு வந்துசேர்ந்த செலவையும் இன்சூரன்ஸையும் கூட்டுவது விதி. இன்சூரன்ஸ் எவ்வளவு என்று தெரியாவிட்டால் விலையில் 1.125 சதவீதம், அதுதான் அந்த 45 ரூபாய். ஆனால் விமானத்தில் வந்த சரக்குக்கு, நீங்கள் எவ்வளவு ஷிப்பிங் கட்டியிருந்தாலும் பொருளின் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது. 2007-ஆம் வருஷத்து மதிப்பீட்டு விதிகளில் 10-ஆவது விதி. அப்படிப் பார்த்தால் ஷிப்பிங் 800தான். மதிப்பு 4,845.

அன்றைக்குத் தனிநபர் உபயோகப் பொருளுக்கு அடிப்படை வரி 35 சதவீதம், அது 1,696. அந்த வரியின் மேல் பத்து சதவீதம் சமூகநல செஸ், 170. சரக்கு மதிப்போடு இதெல்லாம் சேர்ந்த தொகையின் மேல் 28 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி., 1,879. மொத்தம் 3,744 அல்லது 3,745 வந்திருக்க வேண்டும். அவர்கள் போட்டது 4,981. கூலி 750, அதற்கு ஜி.எஸ்.டி. 135. இப்போது கூட்டிப் பாருங்கள், 5,866 வரும். கூலிக் கணக்கில் குற்றமில்லை. வரியில்தான் 1,236 ரூபாய் கூடுதல்.

பணத்தைக் கட்டி லென்ஸை வாங்கிவிட்டு மெயில் போட்டோம். "நீங்களே சுங்கத்தில் ரீஃபண்ட் கேளுங்கள்" என்று பதில் வந்தது. மதிப்பைத் திருத்தச் சொல்லி எழுதி, அப்புறம் ஒரு வருஷத்துக்குள் ரீஃபண்டுக்கு மனு போடலாம், வழி இருக்கிறது. மச்சான் போடவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: கணக்கைப் பணம் கட்டும் முன்னாலேயே பாருங்கள். சரக்கு வெளியே வரும் முன் கூரியர்காரர் அடையாளச் சான்று கேட்டு மெயில் அனுப்புவார். ஷிப்பிங்கை 20 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்லி அந்த மெயிலுக்கே பதில் எழுதிவிட வேண்டும். பையன் வாசலுக்கு வந்தபிறகு அவனிடம் கத்திப் பிரயோஜனமில்லை. அவன் கையில் இருப்பது மெஷின் மட்டும்தான்.

பெருமாள்புரத்திலிருந்து: வெளிநாட்டுப் பார்சலுக்கு 77 சதவீதம் வரி என்று வாட்ஸப்பில் பார்த்தேன். அப்போ எனக்கும் அவ்வளவு வருமா?

35, செஸ், 28 எல்லாம் சேர்ந்தால் 77.28. நீங்கள் வாட்ஸப்பில் பார்த்தது அந்தக் காலத்துக் கணக்கு. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் அந்த 35-ஐ 20 ஆக்கினார்கள். அதற்கப்புறமும் மாற்றம் வந்துகொண்டேதான் இருக்கிறது. நீங்கள் ஆர்டர் போட்ட தேதிக்கு மதிப்பில்லை, சுங்கத்தில் தாக்கல் ஆகிற தேதியின் விகிதம்தான் செல்லும். பில் ஆஃப் என்ட்ரியில் இருக்கும் சதவீதத்தைப் பாருங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 49 ரூபாய் கட்டவும்" என்று ஒரு லிங்க் வந்தது. 49 ரூபாய்தானே, கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள். அவனுக்கு வேண்டியது 49 ரூபாய் இல்லை, நீங்கள் அந்தப் பக்கத்தில் தட்டும் கார்டு எண்ணும் ஓ.டி.பி.யும். உண்மையில் ஏதாவது ஆர்டர் போட்டிருந்தால் விற்றவர் கொடுத்த டிராக்கிங் எண்ணைத் தபால்துறை அல்லது கூரியர் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். வந்த லிங்கைத் தொட வேண்டாம்.

சுங்க அதிகாரி என்று சொல்லி யாராவது போனில் பேசினாலும் இதேதான். சுங்க இலாகா தனிநபர் கணக்குக்குப் பணம் போடச் சொல்லாது. கடிதம் அனுப்பினால் அதில் டின் என்று ஓர் ஆவண எண் இருக்கும், மறைமுக வரி வாரியத் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் 1930-க்கு உடனே போன் போடுங்கள்.

கடையநல்லூரிலிருந்து: தம்பி துபாயிலிருந்து பிள்ளைகளுக்குச் சாமான் அனுப்புகிறான். கிஃப்ட் என்று எழுதினால் 5,000 ரூபாய் வரை வரி கிடையாது, சரிதானே அண்ணாச்சி?

2019 வரை சரி. அந்த வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி அரசாங்கம் ஓர் அறிவிப்பு போட்டு அதை எடுத்துவிட்டது. வெளிநாட்டு ஆன்லைன் கடைகள் விற்ற சரக்கையே துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் கிஃப்ட் என்று எழுதி இங்கே தள்ளியதுதான் காரணம்.

மேலப்பாளையத்திலிருந்து: இப்போ கிஃப்ட்டே தடை. கிஃப்ட் என்று எழுதினால் பறிமுதல் செய்துவிடுவார்கள். பழைய கதையைச் சொல்லி ஜனங்களை மாட்டிவிடாதீர்கள்.

நீங்களும் பாதிதான் படித்திருக்கிறீர்கள். தடை, கிஃப்ட் என்று சொல்லி வரியில்லாமல் எடுப்பதற்கு. முழு வரியையும் கட்டி கிஃப்ட்டை எடுக்கலாம் என்று அதே அறிவிப்பில் விளக்கமாகவே எழுதியிருக்கிறது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிறுக்கும் மட்டும் விலக்கு. ராக்கியோடு கூட வரும் பரிசுக்கு அதுவும் கிடையாது.

வள்ளியூரிலிருந்து: போன மாசம் சிங்கப்பூரிலிருந்து அத்தை சாக்லேட் அனுப்பினாள். கிஃப்ட் என்றுதான் எழுதியிருந்தாள். ஒரு பைசா கேட்கவில்லையே?

இரண்டு காரணம் இருக்கலாம். வரியே 100 ரூபாய் அல்லது அதற்குக் கீழே வந்தால் வசூலிக்கக்கூடாது என்று சுங்கச் சட்டம் 25(6) சொல்கிறது. அல்லது அந்த மூட்டையை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. இரண்டாவதை நம்பித் தம்பியை அனுப்பச் சொல்லாதீர்கள்.

மேலப்பாளையத்திலிருந்து: வரியைக் கட்டத் தயார் என்றாலும் கிஃப்ட் என்ற வார்த்தையைப் பார்த்தே என் சகலையின் பார்சலைத் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் அறிவிப்பு அவருக்கு உதவவில்லை, வே.

நடந்திருக்கும். மதிப்பை எழுதாமல் வெறும் கிஃப்ட் என்று மட்டும் எழுதிய பார்சல்களுக்கு அது நடப்பதைப் பார்த்திருக்கிறேன். சகலை என்ன எழுதினார் என்று நீங்கள் சொல்லவில்லை.

மேலப்பாளையத்திலிருந்து: கேட்டுச் சொல்கிறேன். ஆனால் உள்ளே இருக்கிற ஆபீசரைப் பொறுத்தது என்பதை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கொஞ்சம் பொறுத்ததுதான். அதனால்தான் கடையநல்லூர்க்காரரிடம் சொல்கிறேன்: தம்பி பொருளின் பெயரையும் உண்மையான விலையையும் எழுதட்டும், கடைப் பில்லை உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் வைக்கட்டும். விலையைக் குறைத்து எழுதினால் அதிகாரி இணையத்தில் தேடி அவரே ஒரு விலை போடுவார். அது தம்பி கொடுத்த விலையைவிடக் கூடத்தான் இருக்கும்.

சங்கரன்கோவிலிலிருந்து: அண்ணாச்சி, நாலு சட்டை ஆர்டர் போட்டேன், பெங்களூரிலிருந்து வந்தது, 60 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். சுங்கம்தானே?

பெங்களூர் இன்னும் வெளிநாடு ஆகவில்லை. விற்ற கடையைக் கேளுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து: எனக்குத் தபாலில் வந்தது. வரியோடு சேர்த்துத் தபால்காரர் சில்லறையாகக் கொஞ்சம் கூடக் கேட்டார். கொடுக்கவா?

தபால் வழிக்குக் கணக்கு எளிது. சென்னை மாதிரி ஊர்களில் உள்ள வெளிநாட்டுத் தபால் அலுவலகத்தில் வரி போட்டு, தொகையைப் பார்சலோடு எழுதி அனுப்புவார்கள். தபால்துறைக்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு, அதுவும் ரசீதில் வரும். ரசீதில் உள்ள தொகையைக் கொடுங்கள். அதற்கு மேல் தீபாவளிக்குக் கொடுப்பது உங்கள் இஷ்டம்.

களக்காட்டிலிருந்து: வரி அதிகம். வாங்காமல் திருப்பிவிட்டால் தலைவலி தீர்ந்ததா?

தபால் என்றால் பெரும்பாலும் தீர்ந்தது, பார்சல் அனுப்பியவருக்கே போய்விடும். கூரியரில் அப்படி இல்லை. சரக்கை வெளியே விட உத்தரவு ஆகும் முன் உங்கள் உரிமையை எழுதிக்கொடுத்து விட்டுவிட்டால் வரி கிடையாது, சட்டம் 23-ஆவது பிரிவு. ஆனால் வாசலுக்கு வந்துவிட்டது என்றால் உத்தரவு ஆகி, வரியையும் கூரியர் கட்டிவிட்டது. அந்தப் பணத்தை அனுப்பியவரிடமோ உங்களிடமோ கேட்பார்கள்.

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து: நான் வக்கீல். நான் கையெழுத்துப் போடாத ஒப்பந்தத்துக்கு என்னிடம் எப்படிக் கேட்பார்கள்?

அடையாளச் சான்றோடு அவர்களுக்கு நீங்கள் கொடுத்த அனுமதிக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து நீங்கள் ஜெயிக்கலாம். எனக்குத் தெரிந்து யாரும் கோர்ட் வரை போகவில்லை.

தென்காசியிலிருந்து: புத்தகத்துக்கும் வரியா?

2019 பட்ஜெட்டிலிருந்து அடிப்படை வரி 5 சதவீதம், அதன்மேல் செஸ். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. தொகை பெரிதாக வந்திருந்தால் புத்தகத்தைப் புத்தகமாகக் கணக்கிடவில்லை என்று அர்த்தம்.

ஆலங்குளத்திலிருந்து: 39 ரூபாய் கட்டச் சொல்லி லிங்க் வந்திருக்கிறது...

மேலே அம்பாசமுத்திரத்துக்குச் சொன்னதுதான். பத்து ரூபாய் குறைந்தாலும் திருடன் திருடன்தான்.

நாங்குநேரியிலிருந்து: தூத்துக்குடி சுங்க ஆபீஸுக்கு நேரில் போனால் பேசி முடிக்கலாமா? பக்கம்தானே.

பஸ் காசு வீண். அங்கே இருப்பது கப்பல் சரக்கு. உங்கள் பார்சலுக்கு எந்த ஊரில் வரி போட்டார்கள் என்று பில் ஆஃப் என்ட்ரியின் தலைப்பில் இருக்கும்.

மேலப்பாளையத்திலிருந்து: சகலையைக் கேட்டுவிட்டேன். விலை எழுதவில்லையாம். ஆனாலும் நான் சொன்னது சரிதான்.

சரி. அடுத்த தடவை விலை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், வந்தால் பில்லைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். ஷிப்பிங்கை எவ்வளவு கூட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.