மறுபடி ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னால்? ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகள் பிரியும் இடம்

கேள்வி: நான் பாளையங்கோட்டை சிஎஸ்ஐ. வேலை பெங்களூரில். எனக்குப் பேசியிருக்கும் பெண் பாப்டிஸ்ட் சபை. குழந்தையில் நான் எடுத்த ஞானஸ்நானம் போதாது, முழுக்கு எடுக்க வேண்டும் என்கிறார்கள். அவளுடைய சித்தி போகும் மெதடிஸ்ட் சபையில் அப்படிக் கேட்பதில்லையாம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் மூன்றுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? நான் என்ன செய்வது?

பதில்:

கல்யாணத்துக்குச் சட்டம் மறுஞானஸ்நானம் கேட்கவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1872ஆம் வருடத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில், கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றுவதாகச் சொல்பவர் கிறிஸ்தவர், அவ்வளவுதான். எந்த வயதில், எவ்வளவு தண்ணீரில் என்ற பேச்சே அதில் இல்லை. ஆகவே உங்களிடம் கேட்பது அந்தச் சபையின் விதி. அந்த விதியை யார் போட்டார்கள், யாரால் தளர்த்த முடியும் என்று பார்த்தால் மூன்று சபைகளின் வித்தியாசமும் தெரிந்துவிடும்.

நான் பெங்களூர் காக்ஸ் டவுன் பக்கம் குடியிருக்கும் சிஎஸ்ஐக்காரன். சேகரக் கமிட்டியில் இருந்திருக்கிறேன். என் மனைவி வீட்டார் மெதடிஸ்ட். நெருங்கிய நண்பர் ஒருவர் பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். மூன்று பக்கமும் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் பாப்டிஸ்ட்காரர்கள் உங்களை அவமதிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள் என்கிறேன்.

அவர்கள் பார்வையில் சபை என்பது, சுயமாக விசுவாசித்தவர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்து அமைத்துக்கொள்வது. 1609இல் ஆம்ஸ்டர்டாமில் தஞ்சம் புகுந்திருந்த ஆங்கிலேயர்கள் சிலர் ஜான் ஸ்மித்தின் தலைமையில் இதைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் பிறப்பாலேயே அரசாங்கத் திருச்சபையின் அங்கம் என்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. விசுவாசம் முதலில், ஞானஸ்நானம் பிறகு என்பது அவர்கள் வாதம். அப்படிப் பார்த்தால் மூன்று மாதக் குழந்தைக்குக் கொடுத்தது ஞானஸ்நானமே ஆகாது. ஆகவே உங்களிடம் 'இரண்டாவது' ஞானஸ்நானம் கேட்பதாக அவர்கள் நினைக்கவே இல்லை. உங்களுக்கு அது முதல் ஞானஸ்நானம் என்பதே அவர்கள் கணக்கு.

நண்பரின் சபையில் நடந்த ஒரு முழுக்கு ஆராதனைக்குப் போயிருந்தேன். பிரசங்க மேடையின் மேலிருந்த ஜமுக்காளத்தைச் சுருட்டி, பலகைகளை எடுத்தால் கீழே சிமெண்ட் தொட்டி, இடுப்பளவு தண்ணீர். வெள்ளை உடுத்திய ஒரு கல்லூரிப் பெண் முதலில் மைக்கில் தன் சாட்சியைச் சொன்னாள். பிறகு படியிறங்கினாள். பாஸ்டர் அவளிடம் விசுவாசத்தைக் கேட்டார், அவள் தன் வாயால் பதில் சொன்னாள். திரித்துவ நாமத்தில் பின்பக்கமாகச் சாய்த்து முழுவதும் அமிழ்த்தித் தூக்கினார். கிறிஸ்துவோடு அடக்கமாகி எழும்புவது என்று ரோமர் 6ஆம் அதிகாரத்தில் படித்ததைக் கண்முன் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, அவர்கள் ஏன் இதை விட்டுக்கொடுப்பதில்லை என்று புரியும்.

ஆளுகையும் இதே வேரிலிருந்துதான் வருகிறது. விசுவாசிகளின் கூட்டமே சபை என்றால், கிறிஸ்துவுக்குக் கீழே அந்தக் கூட்டத்துக்கு மேல் வேறு அதிகாரம் இல்லை. யாரை அங்கத்தினராகச் சேர்ப்பது, எந்தப் பாஸ்டரை அழைப்பது, கட்டடத்தை என்ன செய்வது எல்லாம் அங்கத்தினர் கூட்டத்தில் வாக்கெடுத்து முடிவாகும். டீக்கன்மாரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பாப்டிஸ்ட் சங்கங்கள் உண்டு, ஆனால் பொதுவாக அவை ஆலோசனை சொல்லும், உள்ளூர் சபைக்கு உத்தரவு போடாது. அதனால் 'பாப்டிஸ்ட் விதி' என்று நாட்டுக்கே பொதுவான ஒன்று கிடையாது. முழுக்கு எடுத்தவர்களை மட்டும் அங்கத்தினராக்கும் சபைகள் உண்டு. குழந்தை ஞானஸ்நானம் எடுத்தவர் தன் விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்டால் போதும் என்று சேர்த்துக்கொள்ளும் பாப்டிஸ்ட் சபைகளும் உண்டு, இங்கிலாந்தில் இந்த வழக்கம் பழையது. ஒரே ஊரில் இரண்டு தெரு தள்ளி இரண்டு விதமாக இருக்கலாம்.

இனி உங்கள் பக்கம். சிஎஸ்ஐ 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் பிறந்த ஐக்கியச் சபை. ஆங்கிலிக்கன், பிரிட்டிஷ் வெஸ்லியன் மெதடிஸ்ட், ஏற்கெனவே ஒன்றாகியிருந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் இதில் சேர்ந்தன. பாப்டிஸ்ட்கள் சேரவில்லை. பெங்களூரிலேயே இதைப் பார்க்கலாம். எம்ஜி ரோடு செயின்ட் மார்க்ஸ் ஆங்கிலிக்கன் வழி, கார்ப்பரேஷன் பக்கத்து ஹட்சன் ஆலயம் வெஸ்லியன் வழி, கப்பன் ரோடு செயின்ட் ஆண்ட்ரூஸ் ஸ்காட்லாந்து வழி. மூன்றும் இன்று ஒரே பேராயரின் கீழ். உங்கள் பாளையங்கோட்டை அசல் ஆங்கிலிக்கன் மண். திருநெல்வேலித் திருமண்டலமே 1896இல் ஆங்கிலிக்கன் திருமண்டலமாக ஆரம்பித்ததுதான்.

இந்த வழியில் விசுவாசிகளின் குடும்பமும் குழந்தைகளும் சேர்ந்ததுதான் சபை. குழந்தைக்காக ஞானப்பெற்றோர் வாக்குக் கொடுக்கிறார்கள். வளர்ந்ததும் திடப்படுத்தல் வகுப்பு, பிறகு பேராயர் தலையில் கை வைத்து ஜெபிக்க, அந்த வாக்கைப் பிள்ளை தன்னுடையதாக்கிக்கொள்கிறது. நீங்கள் சுயமாக விசுவாச அறிக்கை செய்த நாள் அதுதான், இதைப் பெண் வீட்டாரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பெரியவர்களாகி வந்து விசுவாசிப்பவர்களுக்கும் இங்கே ஞானஸ்நானம் உண்டு.

தண்ணீரின் அளவைப் பற்றி உண்மையில் ஆங்கிலிக்கன் தரப்பில் சண்டையே இல்லை. 1662ஆம் வருட ஜெபப்புத்தகமே, குழந்தை தாங்கும் என்றால் பதனமாகத் தண்ணீரில் அமிழ்த்தச் சொல்கிறது, பலவீனமான குழந்தைக்குத்தான் ஊற்றினால் போதும் என்கிறது. நடைமுறையில் ஊற்றுவதே வழக்கமாகிவிட்டது. அங்கே பிரச்சினை திரும்பக் கொடுப்பது. தண்ணீரால், திரித்துவ நாமத்தில் ஒருமுறை கொடுத்தது கொடுத்ததுதான், ஏனென்றால் அது முதலாவது தேவனுடைய செயல், நம்முடைய உணர்வின் அளவை வைத்து அது செல்லாமல் போகாது. 1982இல் லீமாவில் பல சபைகளின் இறையியலாளர்கள் கூடி உருவாக்கிய அறிக்கையும் ஞானஸ்நானம் திரும்பச் செய்யக்கூடாதது என்றே சொல்கிறது. 'ஒரே ஞானஸ்நானம்' என்ற எபேசியர் வசனத்தை இரண்டு தரப்பும் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் சேகர குரு மனமிரங்கி 'சரி, எடுத்துக்கொள்' என்று சொல்ல முடியாது. அவருக்கு மேல் பேராயர், திருமண்டலப் பெருமன்றம், சினாட் என்று ஒழுங்கு இருக்கிறது. சேகரக் கமிட்டியில் நாங்கள் கணக்கு, கட்டடம், சங்கக் காணிக்கை பார்ப்போம், உபதேசத்தில் கை வைக்க மாட்டோம். மறுஞானஸ்நானம் எடுத்தவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் உண்டு, அதனால் கேட்காமல் எடுத்துவிடாதீர்கள்.

மெதடிஸ்ட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் ஞானஸ்நானத்தில் அவர்கள் உங்கள் பக்கம். ஜான் வெஸ்லி சாகும்வரை ஆங்கிலிக்கன் குருவாகவே இருந்தவர். ஆகவே குழந்தை ஞானஸ்நானம் உண்டு, மறுபடி கொடுப்பதில்லை. சித்தி சபையில் கேட்காததற்குக் காரணம் இதுதான். ஆனால் இந்தியாவில் மெதடிஸ்ட் இரண்டு கிளை. பிரிட்டிஷ் கிளைக்குப் பேராயர் கிடையாது, மாநாடு கூடி முடிவெடுக்கும். தெற்கே அது சிஎஸ்ஐக்குள் வந்துவிட்டது. அமெரிக்கக் கிளைக்குப் பேராயர் உண்டு. இங்கே ரிச்மண்ட் டவுன் மெதடிஸ்ட் ஆலயம் அந்த வழி, 1981இல் சுயாட்சி பெற்ற இந்திய மெதடிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தது. அங்கே போதகர்களை எந்தச் சபைக்கு அனுப்புவது என்பதை ஆண்டு மாநாட்டில் பேராயர் அறிவிப்பார். என் மாமனார் வீட்டில் அந்த மாநாட்டு நாட்களில் 'நம்ம ஐயரை மாற்றிவிட்டார்களா?' என்பதுதான் பேச்சு. பாப்டிஸ்ட் சபையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை, அழைத்ததும் அவர்களே, அனுப்புவதும் அவர்களே.

ஆராதனையில் நீங்கள் உடனே உணரப்போவது புத்தகம்தான். சிஎஸ்ஐயில் பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், அந்த ஞாயிறுக்கென்று குறித்த வேதபாடங்கள், திருவிருந்து முறைமை எல்லாம் அச்சில் இருக்கும். குரு மாறினாலும் ஆராதனை மாறாது. பாமாலையும் கீர்த்தனையும் அதோடு ஓடும். பாப்டிஸ்ட் ஆராதனையில் பிரசங்கம் நடுநாயகம், ஜெபங்கள் பெரும்பாலும் புத்தகம் இல்லாமல், கர்த்தருடைய பந்தி பல சபைகளில் மாதம் ஒருமுறை. முதல் வாரம் உங்களுக்கு வெறிச்சென்று இருக்கும், அவளுக்கு உங்கள் ஆலயத்தில் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் இருக்கும். இரண்டுமே கொஞ்ச நாளில் பழகிவிடும். மெதடிஸ்ட் நடுவில் நிற்கும். முறைமை உண்டு, ஆனால் பாட்டுக்குத்தான் முதல் மரியாதை. பல சிஎஸ்ஐ ஆலயங்களில் புத்தாண்டில் செய்யும் உடன்படிக்கை ஆராதனை வெஸ்லியிடமிருந்து வந்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. பாப்டிஸ்ட் பாஸ்டரிடம் நேரில் போய், முழுக்கு கேட்பது கல்யாணத்துக்கா, அங்கத்தினராவதற்கா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துக் குழப்பியிருப்பார்கள். அங்கத்தினராவதற்கு மட்டும்தான் என்றால், நீங்கள் சிஎஸ்ஐ அங்கத்தினராகவே இருந்து அங்கே கல்யாணம் செய்யலாமா என்று கேளுங்கள். சபை விதிமுறைப் புத்தகத்தையும் பார்க்கக் கேளுங்கள். பாஸ்டர் தனியாக விலக்குத் தர முடியாது, அங்கத்தினர் கூட்டத்துக்குப் போக வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். கையில் ஞானஸ்நானச் சான்றும் திடப்படுத்தல் சான்றும் இருக்கட்டும்.

இன்னொன்று, ஆளுகை வித்தியாசம் சட்டத்திலும் உண்டு. பேராயரால் அபிஷேகம் பெற்ற குரு தன் சபை முறைப்படி கல்யாணம் நடத்தலாம். பேராயர் முறை இல்லாத பாப்டிஸ்ட் பாஸ்டருக்கு அந்த 1872 சட்டத்தின்படி அரசு உரிமம் வேண்டும். இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

கல்யாணம் சிஎஸ்ஐயில் என்றால், கல்யாண அறிவிப்பான ஓலையை ஆலயத்தில் வாசிக்க மூன்று ஞாயிறு வேண்டும், ஊரிலும் சொல்லிவையுங்கள். அப்புறம், முதல் குழந்தை பிறந்ததும் இதே கேள்வி திரும்ப வரும். உங்கள் அம்மா ஞானஸ்நானம் என்பார், அவள் அப்பா பிரதிஷ்டை ஜெபம் மட்டும் போதும், வளர்ந்து அதுவே முடிவெடுக்கட்டும் என்பார். அதை ஓலை வாசிக்கும் முன்பே நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.