ஒரே அறிக்கை, இரண்டு கோப்புகள்: எழுதியவர் யார்?

எழுதியவர் யார் என்ற தகராறுகளில் வேர்ட் கோப்புகளைப் பிரித்துப் பார்த்து அறிக்கை தருவது என் வேலை. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ரேவதி: கோப்பின் Properties பகுதியில் Author என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது. இது போதாதா?

போதாது. வேர்டை முதன்முதலில் அமைத்தபோது பயனர் பெயர் என்று எதைக் கொடுத்தீர்களோ, அதுதான் அங்கே வந்து உட்காரும். அரை நிமிடத்தில் யார் வேண்டுமானாலும் அதை மாற்றலாம். பழைய கோப்பைத் திறந்து, உள்ளே இருந்ததை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினால் பழையவரின் பெயரே தொடரும். வேலையை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆன ஒருவரின் பெயரில் புதிய அறிக்கைகள் வந்துகொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அங்கே வேறு பெயர் இருந்தால் அதற்கு விளக்கம் கேட்கலாம். உங்கள் பெயர் இருப்பதால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகாது.

குமரன்: ஒரு மாணவர் 9,000 சொல் கொண்ட அத்தியாயம் கொடுத்தார். அதில் திருத்திய மொத்த நேரத்தைக் காட்டும் TotalTime 6 நிமிடம் என்று இருக்கிறது. வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டார் என்பது உறுதிதானே?

பாதி சரி. அந்தக் கோப்பில் வேலை நடந்தது 6 நிமிடம் என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். எழுத்தின் வயது அதற்குத் தெரியாது. Save As கொடுத்து வேறு பெயரில் சேமித்தாலே அந்தக் கணக்கு மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும். திருத்த எண்ணும் உருவாக்கிய தேதியும் அப்படியே புதிதாகத் தொடங்கும். சமர்ப்பிக்கும் முன் கோப்புக்கு நல்ல பெயர் வைப்பதற்காகப் பலர் இதைத்தான் செய்கிறார்கள். தண்டிப்பதற்கு முன் முந்தைய கோப்பைக் கேளுங்கள். கோப்பைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்கினாலும் அந்த நிமிடங்கள் ஏறக்கூடும் என்பதால், பெரிய எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஒரே அறிக்கையின் இரண்டு கோப்புகள். ஒன்று என்னிடம், இன்னொன்று என் சக ஊழியரிடம். அவர் கோப்பின் தேதி என்னுடையதைவிட முந்தியது. எழுதியது நான்தான். எப்படிக் காட்டுவது?

தேதியை ஒதுக்கிவையுங்கள். .docx என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். மூலக் கோப்பைத் தொடாமல், நகல் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள்:

```
unzip -p copy.docx word/settings.xml
```

உள்ளே இப்படிச் சில வரிகள் இருக்கும்:

```
<w:rsidRoot w:val="00A1346F"/>
<w:rsid w:val="003C52E8"/>
```

கோப்பைத் திறந்து, மாற்றி, சேமிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் வேர்ட் ஒரு தற்செயல் எண்ணைக் கொடுக்கிறது. அந்தச் சுற்றில் எழுதிய வரிகளிலும் அதே எண் ஒட்டிக்கொள்ளும். வரியைப் பிறகு அழித்தாலும் எண் பட்டியலிலேயே தங்கிவிடும். தற்செயல் எண்கள் என்பதால், தொடர்பே இல்லாத இரண்டு கோப்புகளில் ஒரே எண்கள் பல வருவதற்கு வாய்ப்பில்லை.

உங்களுடையதைப் போலவே ஒரு தகராறு என்னிடம் வந்தது. ஒரு பெண்ணின் கோப்பில் 58 எண்கள், மற்றவரின் கோப்பில் 23. முதல் சுற்றின் எண்ணான rsidRoot இரண்டிலும் ஒன்றே, பொதுவான எண்கள் 21. ஆக, இரண்டும் ஒரே கோப்பிலிருந்து கிளைத்தவை என்பது தெரிந்தது. மற்றவருக்கு மட்டுமே உரிய 2 எண்கள் எங்கே இருந்தன என்று தேடினேன். தலைப்புப் பக்கத்திலும் முன்னுரையின் ஒரு பத்தியிலும் மட்டும்தான் இருந்தன. அறிக்கையின் உடலில் அவருடைய தனிச் சுற்று ஒன்றுகூட இல்லை.

இத்துடன் தீர்ப்பு எழுதிவிடலாம் என்று தோன்றும். முடியாது. பொதுவான அந்த 21 சுற்றுகளிலும் தட்டச்சு செய்தது யார் என்று எண்கள் சொல்வதில்லை. அவர் எழுதியதை அந்தப் பெண் வாங்கி வளர்த்திருந்தாலும் இதே படம்தான் கிடைத்திருக்கும். பட்டியல் காலவரிசையில் இருக்காது என்பதால் எந்த எண் முதலில் வந்தது என்றும் படிக்க முடியாது.

வழக்கைத் தீர்த்தவை அந்தப் பெண்ணின் பழைய வரைவுகள். 6, 11, 17 எண்கள் கொண்ட மூன்று கோப்புகள் அவரிடம் இருந்தன. ஒவ்வொன்றின் எண்களும் அடுத்ததில் முழுமையாக அடங்கின. பின்னால் கைவிடப்பட்ட ஒரு பிரிவும் நடு வரைவில் இருந்தது. 17 எண் கொண்ட கோப்பை அவர் மூன்றாம் நபர் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அந்தத் தேதி மின்னஞ்சல் சேவையகத்தில் இருந்தது. மற்றவரிடம் முந்தைய கோப்பு ஒன்றும் இல்லை. ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான்: பழைய வரைவுகளை வைத்திருக்கிறீர்களா?

மணிவண்ணன்: ஒரு திருத்தம் ஐயா. வேர்டின் Trust Center பகுதியில் அந்த எண்களைச் சேமிக்க வேண்டாம் என்று அமைக்க முடியும். கூகுள் டாக்ஸிலிருந்து இறக்கிய கோப்பில் அவை வெறும் பூஜ்யங்களாகவே இருக்கும்.

உண்மை, சொல்லியிருக்க வேண்டும். எண் இல்லை என்பதற்காக யாரையும் சந்தேகிக்கக் கூடாது. கூகுள் டாக்ஸ் என்றால் அதன் பதிப்பு வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும். Make a copy கொடுத்து எடுத்த நகலுக்கு அந்த வரலாறு வராது. மூல ஆவணமே வேண்டும்.

ஷாஹுல்: என் பிரதியில் எடிட்டர் செய்த திருத்தத்தின் நேரம் இரவு 11.40. ஆனால் கோப்பைக் கடைசியாகச் சேமித்தது அதே நாள் பிற்பகல் 3.40 என்று கோப்பின் உள்ளே இருக்கும் core.xml சொல்கிறது. சேமித்த பிறகு எப்படித் திருத்த முடியும்? ஏமாற்றுகிறாரா?

அவசரப்படாதீர்கள். திருத்தங்களின் w:date பகுதியில் வேர்ட் உள்ளூர்க் கடிகார நேரத்தை எழுதிவிட்டு, உலகப் பொது நேரம் என்று பொருள்படும் Z எழுத்தைக் கடைசியில் போட்டுவிடும். core.xml நேரமோ உண்மையிலேயே உலகப் பொது நேரம். உங்கள் எடிட்டர் அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கும் ஊரில் வேலை செய்தால் இரண்டும் ஒரே நிமிடம். இந்த ஒரு எழுத்தால் நட்பை முறித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். புதிய வேர்டில் dateUtc என்று தனியாக ஒன்றும் வருகிறது. இருந்தால் அதைப் பாருங்கள். இன்னொன்று: திருத்தத்தை ஏற்றுக்கொண்டதும் பெயரும் நேரமும் மறைந்துவிடும். ஏற்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துவையுங்கள்.

லதா: என் கோப்பிலிருந்து என் பெயரை எடுப்பது எப்படி?

இங்கே பேசுவது அதற்கு நேர் எதிரான காரியம்! File, Info, Check for Issues, Inspect Document. நகலில் மட்டும் செய்யுங்கள்.

அருள்: கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்தால் எந்தத் தேதியையும் உண்டாக்கலாம். பிறகு இதெல்லாம் எதற்கு?

உங்கள் கணினியின் கடிகாரத்தைத்தான் நீங்கள் தள்ள முடியும். பிட்காயினின் மூலக் கட்டுரையை எழுதிய சதோஷி நகமோட்டோ தானே என்று கிரெய்க் ரைட் சொன்ன வழக்கைப் பாருங்கள். 2008-இல் வெளியான அந்த பி.டி.எஃப். கோப்பு, தான் OpenOffice 2.4-இல் உருவானதாகச் சொல்கிறது. அவரோ அதை LaTeX என்ற வேறு மென்பொருளில் எழுதியதாகச் சொல்லி, Overleaf என்ற இணையச் சேவையில் தன் கணக்கில் இருந்த கோப்புகளைக் காட்டினார். அந்தச் சேவையின் வரலாற்றை எடுத்தபோது, 2023 நவம்பரில் அவர் மூலக் கட்டுரையின் தோற்றம் வரும்வரை இடைவெளிகளை மாற்றி மாற்றிப் பார்த்தது தெரிந்தது. அவர் சதோஷி இல்லை என்று இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் அறிவித்தது.

எழுத்துருவும் காட்டிக்கொடுக்கும். Nirmala UI விண்டோஸ் 8 உடன் 2012-இல் வந்தது. 2009-இல் எழுதி அப்படியே வைத்திருந்ததாகச் சொல்லும் கோப்பின் உள்ளே அந்தப் பெயர் இருந்தால், குறைந்தது பின்னால் ஒருமுறை அதைத் திறந்து சேமித்திருக்கிறார்கள்.

கமலா: என் கணவர் வாயால் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அவர் இப்போது இல்லை. நூலை எழுதியவர் நீங்கள்தான் என்று பதிப்பாளர் என்னிடம் சொல்கிறார். கோப்புகள் எல்லாம் என் பெயரில் இருக்கின்றனவாம். என் கணவருடையது என்று எப்படிக் காட்டுவது?

அம்மா, கோப்பு விசைப்பலகைக்கு அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. நான் இதுவரை சொன்ன எந்த வழியிலும் இதற்கு விடை கிடைக்காது. அவர் கையால் எழுதிய குறிப்புகளோ, குரல் பதிவுகளோ இருக்கின்றனவா?

கமலா: இரண்டு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. தேதி போடும் பழக்கம் அவருக்கு இல்லை.

இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு பக்கத்தையும் கிழிக்க வேண்டாம்; நினைவிலிருந்து தேதியும் எழுதிச் சேர்க்க வேண்டாம். கையெழுத்து நிபுணர் ஒருவரிடம் கேட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.