விடியவிடியக் கூத்து வீடியோ: எந்த ஃபோல்டர், எந்தக் கோப்பு? உறுப்பினர்களின் கேள்விகளும் பதில்களும்

புதிதாகச் சேர்ந்த தம்பி, உரும்பிராய்: அக்கா, வீடியோவை வட்ஸ்அப் குழுவில போட்டுவிட்டால் எல்லாரும் எடுப்பினம்தானே? இதுக்கு ஏன் நாலு ஃபோல்டர்?

தம்பி, குழுவில் வீடியோவாக அனுப்பும்போதே வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். போன் திரையில் பார்த்தால் குறை தெரியாது. சனசமூக நிலையத்தில் திரை கட்டி புரொஜெக்டரில் போட்டால் ஒப்பனை போட்ட முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். ஒருதரம் சுருங்கியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியே இல்லை. அதனால்தான் கமராவோ போனோ எழுதிய கோப்பு எதுவோ அதையே கேட்கிறோம். ஜூன் 13 இரவு நடந்த காத்தவராயன் கூத்துக்குக் கூகுள் ட்ரைவில் கழக ஃபோல்டர் இப்படி இருக்கும்:

```
2026-06-13_Koothu
    01_Original
    02_Sound
    03_Edit
    04_Final
```

01-இல் போடலாம், ஆனால் அங்கே இருப்பதை யாரும் வெட்டவோ பெயர் மாற்றவோ அழிக்கவோ கூடாது. 02 ஒலிபெருக்கிக்காரரின் மிக்ஸரில் இருந்து எடுத்த ஒலிக்கு. 03-க்குள் எடிட் செய்கிற இருவரைத் தவிர வேறு யாரும் போகத் தேவையில்லை. பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் 04 மட்டும்தான்.

நாடகக் குழு உறுப்பினர், இணுவில்: ஃபோல்டருக்கு "காத்தவராயன் கூத்து 13/06/26" என்று அழகாகத் தமிழிலேயே பெயர் வைக்கக்கூடாதா?

எனக்கும் அதுதான் விருப்பம். ஆனால் அந்தச் சாய்கோட்டை விண்டோஸ் பெயருக்குள் ஏற்காது. ஆண்டை முன்னுக்குப் போட்டால் நிகழ்ச்சிகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். நாளை முன்னுக்குப் போட்டால் எல்லா மாதத்து 13-ஆம் திகதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். தமிழ் எழுத்தைக் கூகுள் ட்ரைவும் கணினியும் நன்றாகவே காட்டும். பென் டிரைவில் போட்டு ரிவியில் செருகும்போதுதான் சில ரிவிகள் வெறும் சதுரங்களாகக் காட்டுகின்றன. அதனால் ஃபோல்டருக்கு ஆங்கில எழுத்து. வீடியோவின் முதல் திரையில் தமிழ்த் தலைப்பு.

இன்னொன்று. கூத்து இரவு தொடங்கி விடியத்தான் முடிந்தது. நள்ளிரவுக்குப் பிறகு எடுத்த துண்டுகளுக்குச் சிலர் 14 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தொடங்கிய இரவின் திகதிதான் எல்லாவற்றுக்கும். போனில் எடுத்தது `2026-06-13_Koothu_Phone2_01.MOV` என்ற மாதிரி இருந்தால் காணும். கமராக் கார்ட்டில் இருக்கிற கோப்புகளின் பெயரைத் தொடவே வேண்டாம். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கமரா பிடித்தவர், கோண்டாவில்: கார்ட்டில 00000.MTS தொடங்கி 15 துண்டு இருந்தது. அதுகளை மட்டும் எடுத்திட்டன். மற்ற ஃபோல்டருகளில சின்னச் சின்னக் கோப்புகள்தான், அதுகள் தேவையில்லைத்தானே?

தேவை, தம்பி. கார்ட்டை இன்னும் ஃபோர்மட் செய்யாவிட்டால் இன்றைக்கே அதில் உள்ள `PRIVATE` ஃபோல்டரை முழுசாக ஹார்ட் டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணுங்கள்.

எங்கள் கமரா ஒரு கோப்பை 4 ஜிபிக்கு மேல் வளரவிடாது. அந்த எல்லை வந்ததும் பதிவை நிறுத்தாமல் அடுத்த கோப்பைத் தொடங்கும். வெட்டு விழுகிற இடத்தில் பாட்டு நடக்கிறதா, மத்தளம் அடிக்கிறார்களா என்று அது பார்ப்பதில்லை. ஒரு ஃபிரேமின் தரவில் பாதி முதல் கோப்பிலும் மீதி அடுத்ததிலும் கிடக்கும். எந்தத் துண்டோடு எந்தத் துண்டு ஒட்டும் என்ற குறிப்பு நீங்கள் விட்டுவிட்ட அந்தச் சின்னக் கோப்புகளில்தான் இருக்கிறது. கார்ட் முழுசாக இருந்தால் நல்ல எடிட்டிங் மென்பொருள் அதை வாசித்து ஒரே பதிவாக எடுத்துக்கொள்ளும். துண்டுகளைத் தனித்தனியே இழுத்துப் போட்டால் ஒவ்வொரு மூட்டிலும் சில ஃபிரேம்கள் விழுந்துபோகும். கண்ணுக்குத் தப்பலாம், காதுக்குத் தப்பாது: மத்தளத்தின் ஒரு அடி விழுங்கப்பட்ட மாதிரித் தாளம் தடுக்கும்.

கார்ட்டை அழித்துவிட்டிருந்தாலும் வழி இருக்கிறது. முதலில் துண்டுகளின் அளவைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் 00000 முதல் 00006 வரை எல்லாம் 4 ஜிபி, 00007 மட்டும் 1.3 ஜிபி. அதாவது அங்கே பதிவு நின்றிருக்கிறது, பற்றரி மாற்றியிருப்பீர்கள். பிறகு 00008 முதல் 00013 வரை 4 ஜிபி, கடைசித் துண்டு 2.1 ஜிபி. ஆகவே இவை 15 வீடியோ அல்ல, இரண்டு பதிவுகள். ஒவ்வொரு பதிவையும் தனியாக இணைக்க வேண்டும். விண்டோஸில் அந்த ஃபோல்டருக்குள் Command Prompt திறந்து இதை அடியுங்கள்:

```
copy /b 00000.MTS+00001.MTS+00002.MTS+00003.MTS+00004.MTS+00005.MTS+00006.MTS+00007.MTS Part1.MTS
```

00008 முதல் 00014 வரை இதேபோல `Part2.MTS`. வரிசை மாறக்கூடாது. `/b`-ஐ விட்டுவிடவும் கூடாது. இணைத்த கோப்பின் அளவு துண்டுகளின் கூட்டுத்தொகையாக வரவேண்டும். அது சரி என்றால் 23-ஆவது நிமிடத்துக்குப் பக்கத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள். எங்கள் கமரா நிமிடத்துக்கு ஏறத்தாழ 180 எம்பி எழுதுவதால் முதல் மூட்டு அங்கேதான் வரும். தாளம் தடுக்காமல் போனால் மற்ற மூட்டுகளும் சரியாகவே இருக்கும். அப்புறமும் துண்டுகளை அழிக்க வேண்டாம்.

இதை ட்ரைவில் ஏற்றவும் முயற்சி செய்யாதீர்கள். மொத்தம் 55 ஜிபிக்கு மேல். இலவசக் கணக்கில் கிடைப்பது 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலோடு சேர்த்து. பதிவேற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் முழுசாகக் கிடைத்தாலும் 12 மணிநேரம் போகும். கமராப் பதிவு கழகத்தின் ஹார்ட் டிஸ்க்கில் நேரே வரட்டும். டிஸ்க் exFAT முறையில் ஃபோர்மட் செய்ததாக இருக்கவேண்டும். FAT32 என்றால் 4 ஜிபிக்கு மேல் போகிற இணைத்த கோப்பை ஏற்காது.

கணினி தெரிந்த அண்ணை, கொக்குவில்: ஐபோன் MOV-க்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. பெயரின் கடைசியை MP4 எண்டு மாத்தினால் காணும். என்ர கொம்பியூட்டரில ஓடுது.

அண்ணை, ஓடுவது உண்மைதான். MOV-உம் MP4-உம் நெருங்கிய உறவு, அதனால் பல பிளேயர்கள் பெயரைப் பார்க்காமல் உள்ளே பார்த்து ஓட்டிவிடும். ஆனால் பெயரை மாற்றினாலும் உள்ளே இருக்கிற படம் மாறுவதில்லை. ஐபோன் வழமையாகப் படத்தைச் சுருக்கி எழுதுவது HEVC என்ற முறையில். உங்கள் கணினியில் அதற்கான வசதி இருக்கிறது. கழகத்தில் இருக்கிற பழைய கணினியில் இல்லை. அங்கே சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாக நிற்கும். பெயர் மாற்றியிருந்தால் எங்களுக்கு இன்னொரு சிக்கலும் சேரும்: இது போன் தந்த கோப்பா, யாராவது ஏற்கனவே மாற்றிச் சுருக்கிய கோப்பா என்று தெரியாமல் போய்விடும்.

ஆகவே MOV-ஐ MOV-ஆகவே 01-இல் போடுங்கள். மாற்றுவதை ஒரே ஒருதரம், கடைசியில், 04-க்குப் போகும்போது நாங்கள் செய்கிறோம். அடுத்த நிகழ்ச்சிக்கு முன்னமே Settings, Camera, Formats என்று போய் Most Compatible தெரிவு செய்தால் H.264-இல் எழுதும், எந்தக் கணினியும் திறக்கும். அதற்கு இடம் கூடத் தேவை: 1080p-இல் 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 60 எம்பி போனது 130 எம்பி வரை வரும். போனில் இடம் குறைந்தவர்கள் பழையபடியே எடுங்கள், அதையும் நாங்கள் சமாளிப்போம்.

பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி: நான் எடுத்த போன் வீடியோ எல்லாத்தையும் கழக ஃபோல்டரில ஏத்திட்டன். என்ர கணக்கு நிரம்பிட்டுது எண்டு வந்ததால ட்ரைவில அழிச்சன். கழக ஃபோல்டரில இருக்கும்தானே?

இருக்காது, தங்கச்சி. உடனே உங்கள் ட்ரைவின் Trash-க்குப் போய் Restore கொடுங்கள். 30 நாள் வரைக்கும் அங்கே இருக்கும், பிறகு போய்விடும்.

பகிர்ந்த ஃபோல்டரில் போட்டாலும் கோப்பின் சொந்தக்காரர் ஏற்றியவர்தான். இடமும் அவருடைய கணக்கில்தான் கழியும். நீங்கள் அழித்தால் எங்களுக்கும் அது இல்லை. இனி இப்படிச் செய்வோம்: உங்கள் கோப்புகளை நான் ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்ததும் அந்த ஃபோல்டரில் `COPIED.txt` என்று ஒரு கோப்பு போடுவேன். அதைக் கண்ட பிறகு அழியுங்கள். அதுவரைக்கும் போனிலும் வைத்திருங்கள்.

ஒரு அம்மம்மா சொல்ல, பேரன் எழுதியது, சுன்னாகம்: பிள்ளை, என்ர சின்னப் பேரனும் கூத்தில வந்தவன். ரொறன்ரோவில இருக்கிற மகளுக்கு அந்தப் பத்து நிமிசத்தை அனுப்பவேணும். Original எண்டு இருக்கிறதுதானே நல்லது, அதை அனுப்பட்டோ?

வேண்டாம் அம்மம்மா, அந்தக் கோப்பு மகளின் போனில் பெரும்பாலும் திறக்காது. திறந்தாலும் ஆள் அசையும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரிக் கோடு கோடாகத் தெரியும். அதைச் சரிசெய்து, ஒலியையும் சேர்த்து, MP4-ஆக்கி 04_Final-இல் போடுகிறோம். பேரன் வருகிற பகுதியைத் தனியாகவே வெட்டித் தருகிறேன், பத்து நிமிடம் என்றால் ஏறத்தாழ 600 எம்பி வரும். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக இல்லாமல் Document என்ற இடத்தால் அனுப்பச் சொல்லுங்கள். 2 ஜிபி வரைக்கும் சுருக்காமல் போகும்.

மகள் ட்ரைவ் லிங்கில் பார்த்துவிட்டு மங்கலாக இருக்கு என்று சொன்னால் பயப்பட வேண்டாம். ஏற்றின கையோடு ட்ரைவ் குறைந்த தெளிவில்தான் காட்டும். Download செய்தால் சரியான கோப்புதான் வரும்.

கழகச் செயற்குழு உறுப்பினர்: Final லிங்கை எல்லாருக்கும் திறந்துவிடுவமே? வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் கேட்டுக்கொண்டிருக்கினம்.

இதை நான் தனியாக முடிவெடுக்க முடியாது. முழுக் கூத்தையும் யூடியூப்பில் போடுவதற்கு அண்ணாவியார் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. பகுதி பகுதியாகப் போட்டால் பரவாயில்லை என்பது அவர் எண்ணம், இளைய நடிகர்கள் சிலருக்கு முழுசாக வரவேண்டும். சின்னப் பிள்ளைகள் நடித்த காட்சிகளுக்குப் பெற்றோரிடம் கேட்பதும் பாக்கி. Anyone with the link என்று திறந்தால் அந்த லிங்க் யார் கைக்குப் போகிறது என்று பிறகு எங்களால் பார்க்க முடியாது. இப்போதைக்கு Restricted, கேட்கிறவர்களின் மின்னஞ்சலை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன். ஒரிஜினலை எத்தனை வருசம் டிஸ்க்கில் வைத்திருப்பது என்பதையும் சேர்த்து அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் கதைப்போம். அண்ணாவியாரையும் கூப்பிடுங்கள்.