பானிப்பட் போர் 20-ஆ, 21-ஆ? ஹிஜ்ரி தேதி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், எம்.ஏ. முதலாண்டு படிக்கிறேன். பாபர் நாமாவில் முதல் பானிப்பட் போர் ஹிஜ்ரி 932, ரஜப் 8, வெள்ளிக்கிழமை என்று இருக்கிறது. 932-உடன் 622 கூட்டினால் 1554 வருகிறதே?

பதில்: ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். நம் ஆண்டைவிடப் பதினோரு நாள் குறைவு. அந்தக் குறைவு சேர்ந்து சேர்ந்து, 33 ஹிஜ்ரி ஆண்டு ஓடும்போது இங்கே 32 ஆண்டுதான் ஓடியிருக்கும். அதனால் முதலில் 33-இல் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, பிறகு 622 கூட்டுங்கள்.

```
932 - (932 / 33) + 622 = 1525.76
```

இது ஹிஜ்ரி 932 பிறந்த நேரத்தைத் தோராயமாகக் காட்டும். உண்மையில் அந்த ஆண்டு 1525 அக்டோபர் 18-இல் தொடங்கி 1526 அக்டோபர் 7-இல் முடிந்தது. ரஜப் ஏழாவது மாதம், ஆகவே போர் 1526. இதே 932-இல் முஹர்ரம் மாதத்தில் ஒன்று நடந்திருந்தால் அது 1525-க்குப் போய்விடும். மூலத்தில் மாதம் இல்லாமல் ஆண்டு மட்டும் இருந்தால் 1525–26 என்றே எழுதுங்கள். ஒற்றை ஆண்டாக்கினால் மூலம் சொல்லாததை நீங்கள் சொன்னதாகிவிடும்.

கேள்வி: நான் இணையத்தில் மாற்றிப் பார்த்தேன். 1526 ஏப்ரல் 30 என்று வந்தது. பாடப்புத்தகத்தில் ஏப்ரல் 21. அப்படியானால் புத்தகம் ஒன்பது நாள் தப்பா?

பதில்: ஒன்பது நாள் தப்பில்லை. இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி 1582 அக்டோபரில்தான் வந்தது. நீங்கள் பார்த்த இணையப் பக்கம் அதைப் பின்னோக்கி இழுத்து 1526-க்கும் போட்டிருக்கிறது. அந்தக் காலத்து நிகழ்ச்சிகளை அதற்கு முன்பிருந்த ஜூலியன் நாட்காட்டித் தேதியில் எழுதுவதுதான் வழக்கம். 16-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடைவெளி பத்து நாள், ஆகவே 30 இங்கே 20 ஆகும். மாற்றும் பக்கத்தில் 'ஜூலியன்' என்று தனிப் பெட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பிறை ஒரு நாள் முன்பின் தெரியும் என்பதால் ஒரு நாள் வித்தியாசம் எப்போதும் வரும். ஆகவே 20 என்றாலும் 21 என்றாலும் ஒன்றுதானே?

பதில்: பிறை பற்றிச் சொன்னது சரி. கணக்குப் பட்டியல் மாதங்களுக்கு 30, 29 என்று மாறி மாறி நாள் கொடுக்கும், வானம் அப்படி நடந்துகொள்ளாது. ஆனால் 'ஒன்றுதான்' என்று விட்டுவிடாதீர்கள், பாபர் கிழமை சொல்லியிருக்கிறார். நாட்களை இடைவிடாமல் எண்ணிவரும் வரிசை எண்ணுக்கு ஜூலியன் நாள் எண் என்று பெயர்; ஏப்ரல் 20-க்கு அது 2278539. ஏழால் வகுத்தால் மீதி 4. மீதி 0 திங்கள், ஆகவே 4 வெள்ளி. ஏப்ரல் 21 சனிக்கிழமை. பிறை ஒரு நாள் தள்ளித் தெரிந்ததென்று வைத்தால் ரஜப் 8 சனியாகிவிடும், பாபரின் வாக்கியம் உடைந்துவிடும். எனக்கு 20-தான் சரி. மூலத்தில் கிழமை இருந்தால் அதை ஒருபோதும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: சாருக்கு வணக்கம். நானும் கற்பிக்கிறவன்தான். தேர்வில் 21 எழுதாவிட்டால் மதிப்பெண் போய்விடும். மாணவர்களைக் குழப்பாதீர்கள்.

பதில்: தேர்வில் 21 எழுதட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆய்வுக் கட்டுரையில் '8 ரஜப் 932 / 20 ஏப்ரல் 1526, வெள்ளி' என்று எழுதி, புத்தகங்களில் 21 என்று இருப்பதை அடிக்குறிப்பில் சொல்லட்டும். இதில் நீங்களும் நானும் ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் அறிவிப்பில் 'வியாழன் பின்னேரம் வெள்ளி இரவு' என்று போடுவார்கள். பழைய நூல்களிலும் அப்படித்தானா?

பதில்: அதே முறைதான். நாள் சூரியன் மறையும் மஃரிபில் தொடங்குகிறது. ஒரு வரலாற்று நூலில் 'வெள்ளி இரவு' ஒருவர் இறந்தார் என்றிருந்தால், நம் கணக்கில் அது வியாழன் இரவு. மாற்றும் பக்கம் பகலுக்குரிய தேதியைத்தான் தரும், ஒரு நாள் கழித்துக்கொள்ளுங்கள். கிழமை சரியாக வருகிறது என்று நிம்மதியாக இருக்கும்போது இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். உங்கள் அறிவிப்பு இரண்டு கிழமையையும் சொல்லிவிடுவதால் அந்த ஆபத்தே இல்லை.

கேள்வி: தாத்தா பெயரில் உள்ள நிலப் பத்திரத்தில் 1333 என்று இருக்கிறது. உங்கள் கணக்குப்படி 1914 வருகிறது. தாத்தா அப்போது சின்னப் பையன், எப்படி நிலம் வாங்கியிருப்பார்?

பதில்: எண்ணுக்கு முன்னால் 'பசலி' என்று இருக்கிறதா பாருங்கள். நம் வருவாய்த்துறைப் பத்திரமென்றால் பெரும்பாலும் இருக்கும். பசலி ஹிஜ்ரியிலிருந்து பிரிந்தது, ஆனால் வரி வசூலுக்காகச் சூரிய ஆண்டாக ஓடுவது. அதனால் 33-ஆல் வகுக்கக் கூடாது, 590 கூட்டினால் போதும். பசலி 1333 என்றால் 1923 ஜூலை 1 முதல் 1924 ஜூன் 30 வரை. பத்திரத்தில் மாதமும் இருந்தால் 1923-ஆ 1924-ஆ என்பதும் தெரிந்துவிடும்.