போட்டோவில் சுற்றுச்சுவர் அளந்து மரக்கன்று எண்ணிக்கை

"மைதானச் சுவர் போட்டோவில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 9 கன்றுதான் வருகிறது. நேரில் இடம் பெரிது. 12 அடி இடைவெளிக்கு எத்தனை என்று தலைமையாசிரியருக்கு எழுதுவது?"

15 என்று எழுதுங்கள். நீங்கள் இணைத்த படத்தில் 19 தூண்கள் தெரிகின்றன, அதாவது 18 இடைவெளி. தூணுக்குத் தூண் 10 அடி என்றால் சுவர் 180 அடி. இரு முனையிலும் 6 அடி விட்டால் மீதி 168 அடி. அதை 12ஆல் வகுத்தால் 14, முதல் கன்றையும் சேர்த்து 15. பலரும் விடுவது அந்த ஒன்றைத்தான்.

9 வந்ததற்குக் காரணம், சுவரை ஓரமாக நின்று எடுத்திருப்பது. தூரத்துத் தூண்கள் நெருங்கித் தெரியும். கிட்டத்துத் தூணின் அளவை வைத்து முழுச் சுவரையும் அளந்தால் நீளம் குறையும். ஸ்கேலை விட்டுத் தூண்களை எண்ணுவதே சரி.

அனுப்புமுன் நேரில் மூன்று இடைவெளிகளை டேப்பால் அளந்து பாருங்கள். கடைசித் தூண் இடைவெளி பெரும்பாலும் குறையும்.

நடுவில் கேட் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. கேட்டின் இருபுறத்தையும் தனித்தனிச் சுவராகக் கொண்டு, ஒவ்வொன்றிலும் முனைக்கு 6 அடி விட்டுக் கணக்கிடுங்கள். மேலே மின்கம்பி போகும் பகுதியையும் கழித்துவிடுங்கள்.