கையிலிருக்கும் பணத்தைக் கார் கடனில் கொட்டாதீர்கள்

கேள்வி: என் மாதச் சம்பளம் 80,000. வீட்டுக் கடனுக்குப் போனால் 'கடன்-வருமான விகிதம் அதிகம், 50 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள்' என்கிறார்கள். கார் கடன், பர்சனல் லோன், கார்டு பாக்கி இருக்கிறது. அண்ணன் கடனுக்கும் ஜாமீன் போட்டிருக்கிறேன். வீட்டுக்கான முன்பணம் போக 1,10,000 மிச்சம். கார் கடன்தான் பெரியது, அதில் கட்டிவிடவா? ஒரு ஏஜென்ட் எல்லாவற்றையும் 'செட்' பண்ணித் தருகிறேன் என்கிறார்.

பதில்: வேண்டாம். இந்த விகிதத்தில், கார்டைத் தவிர மற்றவற்றில், உங்கள் பாக்கி எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. மாதம் எவ்வளவு தவணை போகிறது என்பது மட்டும்தான் கணக்கு. கார் கடனில் 4,20,000 பாக்கி என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு லட்சம் கட்டினால் பொதுவாகக் கடன் சீக்கிரம் முடியுமே தவிர, தவணை அதே 14,000தான் இருக்கும். விகிதம் இம்மியும் அசையாது.

அவர்கள் போடும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கார் 14,000. பர்சனல் லோன் 9,000. கார்டு பாக்கி 60,000க்குப் பல இடங்களில் 5 சதவீதத்தைத் தவணையாக வைத்துக்கொள்வார்கள், அது 3,000. அண்ணன் கடன் 4,000. ஆக 30,000. இதோடு நீங்கள் கேட்கும் வீட்டுக் கடனின் தவணை 24,000ஐயும் சேர்த்துவிடுவார்கள். பலர் இதை மறந்துவிட்டு, "எனக்கு 37 சதவீதம்தானே" என்று சண்டைக்குப் போகிறார்கள். மொத்தம் 54,000, அதை 80,000ஆல் வகுத்தால் 67.5 சதவீதம். (அந்த 80,000 பிடித்தம் போக உள்ள தொகையா, பிடித்தத்துக்கு முன்பா என்று முதலில் கேளுங்கள். இடத்துக்கு இடம் மாறும்.)

இப்போது பர்சனல் லோனைப் பாருங்கள். பாக்கி 95,000தான், ஆனால் மாதம் 9,000 விழுங்குகிறது. இதை முழுக்க அடைத்துவிட்டால் 67.5 என்பது 56 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சிறிய பாக்கி, பெரிய தவணை: அந்தக் கடனைத் தேடி முடிக்க வேண்டும். பாதி கட்டிப் பயனில்லை. முன்கூட்டியே முடிக்க அபராதம் கேட்டால் மிச்சமுள்ள 15,000இல் கொடுங்கள்.

அடுத்து அண்ணன் கடன். அவர் கட்டுகிறார், உங்கள் பையிலிருந்து ஒரு காசு போவதில்லை; ஆனாலும் கையெழுத்து உங்களுடையது என்பதால் உங்கள் தலையில் எழுதுகிறார்கள். எனக்கே எரிச்சலான விஷயம் இது. சில நிறுவனங்கள் இதை நீக்கச் சம்மதிக்கும், ஆனால் நீங்களாகக் கேட்காதவரை வாய் திறக்காது. அதற்குக் கடந்த 12 மாதத் தவணையும் அண்ணனின் சொந்தக் கணக்கிலிருந்து தாமதமில்லாமல் போனதற்கான வங்கி அறிக்கை வேண்டும். அவர் உங்களுக்கு அனுப்பி நீங்கள் கட்டியிருந்தால் செல்லாது. ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லாது. நடுவில் ஒரே ஒரு மாதம் நீங்கள் கைகொடுத்திருந்தாலும் இழுத்தடிப்பார்கள். ஆகவே அறிக்கையை ஒவ்வொரு மாதமாகப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அந்த 4,000 நீங்கினால் 51 சதவீதத்துக்கு வந்துவிடுவீர்கள். மிச்சத்துக்குக் கடன் காலத்தை 20 வருடத்திலிருந்து 25 ஆக்கிக் கேளுங்கள். 9 சதவீத வட்டி என்றால் 24,000 தவணை ஏறத்தாழ 22,400 ஆகும். விகிதம் 49 சொச்சம். மொத்த வட்டி கூடத்தான் செய்யும், ஆனால் கடன் கிடைத்தபின் அதில் கூடுதலாகக் கட்டிக் காலத்தைச் சுருக்கிக்கொள்ளலாம்.

சரி, அந்த ஏஜென்ட். 'செட்' என்பதற்கு இரண்டே அர்த்தம்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒன்று, எல்லாக் கடனையும் சேர்த்து நீண்ட காலப் புதுக் கடன் ஒன்று வாங்கித் தருவார்; தவணை இறங்கும், கட்டணமும் கமிஷனும் உங்களிடமிருந்து போகும். இன்னொன்று, சம்பளச் சீட்டில் எண்ணைத் திருத்துவார். வங்கி அறிக்கையில் வரவு 80,000 என்றிருக்க, சீட்டில் 95,000 என்றிருந்தால் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் தெரியாதா? மாட்டினால் மோசடி வழக்கு உங்கள் பெயரில். அவர் எந்தக் காகிதத்திலும் இருக்க மாட்டார். இதற்கிடையில் ஐந்தாறு இடங்களில் உங்கள் விண்ணப்பத்தை வீசியிருப்பார், அத்தனை விசாரணையும் உங்கள் கடன் அறிக்கையில் பதிந்துவிடும்.

பர்சனல் லோனை அடைத்த அன்றே, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கடன் அறிக்கையில் அது 'முடிந்தது' என்று மாறச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை புதிதாக எதையும் தவணையில் வாங்காதீர்கள். அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்த்து, மாறியிருந்தால் மட்டும் விண்ணப்பம் போடுங்கள்.